“உறுதி உங்கள் பேரில்”: ஒரு தொடர்மாடிப் புரோசரின் தலைப்பும் முதல் நான்கு வரிகளும்

இந்த ஆய்வுக்கு வைத்துக்கொண்ட மாதிரிக் கட்டடம் வவுனியாவில், மன்னார் வீதிப் பக்கம், குருமண்காடு சந்தியிலிருந்து 600 மீற்றர் உள்ளே ஒரு ஒழுங்கையில் நிற்கிறது. கீழ்மாடியோடு சேர்த்து நான்கு மாடி. மாடிக்கு ஆறாக 24 வீடு. ஒவ்வொன்றும் 650 சதுர அடி. இரண்டு அறை, ஹோல், குசினி, குளியலறை. விலை 80 இலட்சம். மூன்றாவது தட்டுக் கொங்கிறீற் போட்டாயிற்று, சுவர் வேலை நடக்கிறது. விற்பவர் எதிர்பார்ப்பது இதுவரை வாடகையில் இருந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக விலைக்கு வீடு வாங்கப் போகிறவர்களை. புரோசரின் முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“உங்கள் கனவு இல்லம் இதோ கைக்கெட்டும் தூரத்தில்!
மலிவு விலை வீட்டுத்திட்டம்.
உங்கள் முதல் வீட்டைச் சொந்தமாக்க ஒரு பொன்னான வாய்ப்பு.
மாதம் 50,000 ரூபா முதல்.”

படிக்க வழவழப்பாகத்தான் இருக்கிறது. கொழும்பில் ஓடுகிற எந்தத் தொடர்மாடிக்கும் இதைப் போடலாம், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். வன்னியில் இதைக் கையில் வாங்குகிறவர் என்ன விளங்கிக்கொள்வார் என்பதுதான் சிக்கல்.

முதலில் “வீட்டுத்திட்டம்”. போருக்குப் பிறகு இந்தச் சொல்லுக்கு இங்கே ஒரே ஒரு பொருள்தான். “உங்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைச்சதோ?” என்று கேட்டால், அரசாங்கமோ இந்தியாவோ தொண்டு நிறுவனமோ கொடுத்த உதவியில் வீடு கட்டினீர்களா என்றுதான் அர்த்தம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகக் கொடுத்து, பயனாளியே நின்று கட்டினார். அத்திவாரம் போட்டால் ஒரு காசு, சுவர் எழும்பினால் ஒரு காசு. அதற்கு முன்னால் கிராம சேவகரிடம் பதிவு, புள்ளி போடுவது, பட்டியலில் பெயர் வந்ததா வரவில்லையா என்று பிரதேச செயலகத்துக்கு அலைவது. இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

எனவே “மலிவு விலை வீட்டுத்திட்டம்” என்று அச்சடித்தால் இரண்டு தவறு ஒன்றாக நடக்கும். வீடு இல்லாத, வாங்க வசதியும் இல்லாத குடும்பம் “பெயர் பதிய என்னென்ன கொண்டுவரோணும்?” என்று அடையாள அட்டையோடு வந்து நிற்கும். அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது கொடுமை, அதற்கு வழி வைத்தது நாம் எழுதிய சொல். மறுபக்கம், வாங்கக்கூடிய ஆசிரியரும் தாதியும் “அது எங்களுக்கில்லை, உத்தியோகக்காரருக்குப் புள்ளி வராது” என்று மடித்து வைத்துவிடுவார்கள். யாருக்கு எழுதினோமோ அவர்களே விலகிப் போகிறார்கள். இந்தச் சொல்லைத் திருத்தப் பார்க்க வேண்டாம், எடுத்துவிட வேண்டும். “தொடர்மாடி வீடு” போதும். விலைக்கு விற்கிற பொருள் என்பது அதிலேயே தெரியும்.

“மலிவு” என்பதும் அதே வழியில் போகவேண்டியதுதான். மலிவு என்று சொன்னவுடன் கட்டுவேலையும் மலிவோ என்ற சந்தேகம் வரும். 80 இலட்சம் மலிவா இல்லையா என்பதை வாசிக்கிறவர் தன் சம்பளத்தை வைத்துத் தானே முடிவு செய்வார். அதற்குத் தொகை தெரியவேண்டும், அடைமொழி வேண்டாம்.

“உங்கள் முதல் வீடு” என்பதில் இன்னொரு நுணுக்கம். முதல் முறை வீடு வாங்குபவர் என்றால் மற்ற ஊர்களில் முப்பது வயதுக்குட்பட்ட இளம் தம்பதியைத்தான் நினைப்பார்கள். வன்னியில் ஐம்பது வயதுக்காரரும் அந்தக் கணக்கில் வருவார். அவர் வீடே கட்டாதவர் அல்லர். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு தடவை, இடம்பெயர்ந்த இடத்தில் கொட்டிலாக ஒரு தடவை, மீள்குடியேறி இன்னொரு தடவை என்று கட்டிக் கட்டி விட்டுவந்தவர். இப்போது பிள்ளையின் படிப்புக்காகவோ வேலை மாற்றத்துக்காகவோ வவுனியாவில் வாடகைக்கு இருக்கிறார். அவரிடம் “உங்கள் முதல் வீடு” என்றால் அது பொய்யும் ஆகிறது, பழையதைக் கிளறியும் விடுகிறது. அவர் முதல் தடவையாகச் செய்யப்போவது வேறு: கட்டாமல் வாங்குவது, காசைக் கொடுத்து உறுதியை எடுப்பது, வங்கிக் கடனில் இருப்பது. புரோசர் விளக்க வேண்டியதும் அந்த மூன்றைத்தான். “முதல்” என்ற சொல் இல்லாமலே அதைச் சொல்லலாம்.

“கனவு”, “பொன்னான வாய்ப்பு” இரண்டையும் பற்றி எழுத ஒன்றுமில்லை. எடுத்துவிட்டால் இடம் மிச்சம்.

அடுத்து, இந்தத் தாள் யார் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். சந்தியில் ஒருவர் வாங்குவார், வீட்டில் மற்றவர் வாசிப்பார். பிறகு முன்பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து, கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற அண்ணனுக்கோ மச்சானுக்கோ வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். முற்பணத்தில் ஒரு பங்கு பல குடும்பங்களில் அங்கிருந்துதான் வரும். அந்த அண்ணன் மற்றப் பக்கங்களைப் பார்க்கப் போவதில்லை. முன்பக்கத்தின் தலைப்பும் நாலு வரியும் மட்டும் போன் திரையில் அவருக்குத் தெரியும். “எங்க, எவ்வளவு, உறுதி இருக்கோ?” என்று அவர் கேட்கிற மூன்றுக்கும் பதில் அந்தப் படத்துக்குள் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் எதை வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்பதை முடிவு செய்யும் அளவுகோல் இதுதான்.

மூன்று கேள்வியில் கடினமானது உறுதி. வன்னியில் வீடு என்றால் வளவு. கிணறு, முற்றம், ஒரு மாமரம், நாலு தென்னை. “மாடியில ஏத்தி விட்டா, காணி ஆருக்கு?” என்ற கேள்வி வெகுளித்தனமானது என்று ஒதுக்கக் கூடாது, அது சரியான சட்டக் கேள்வி. இங்கே கணிசமான நிலம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிட் காணி. குளத்தின் கீழான குடியேற்றத் திட்டங்களில் வளர்ந்தவருக்கு பேர்மிட்டுக்கும் உறுதிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். ஆகவே “இது உறுதிக் காணியோ?” என்பது அவர்களுக்கு விலையைவிட முந்திய கேள்வி.

தொடர்மாடிக்கு இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் உண்டு. அதன்படி கட்டடம் முடிந்தபின் நில அளவையாளர் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி அலகாகக் காட்டி ஒரு கூட்டாதனத் திட்டப்படம் வரைவார். அதற்குரிய அனுமதிகள் கிடைத்து அது காணிப் பதிவகத்தில் பதிவானால், ஒவ்வொரு அலகும் தனியே கைமாறக்கூடிய சொத்தாகிறது. நிலம், படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தாங்கி ஆகியவை பொது அம்சங்கள். அவற்றில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. “காணி ஆருக்கு?” என்பதற்கு நேர்மையான பதில் இதுதான்: 24 பேருக்கும் சேர்த்து. உங்கள் துண்டு இது என்று வேலி போட முடியாது, ஆனால் உங்கள் பங்கை ஒருவரும் தனியே பிரித்து விற்கவும் முடியாது.

இந்த மாதிரியில் சிக்கல் வருவது இங்கேதான். நாம் எழுதக்கூடிய ஆகச் சிறந்த தலைப்பு இது:

“இரண்டு அறை வீடு, 80 இலட்சம்.
உறுதி உங்கள் பேரில்.”

எட்டுச் சொல். வாடகை வீட்டுக்காரர் மனதில் இருக்கிற இரண்டு விடயமும் அதில் இருக்கின்றன. ஆனால் கட்டடம் முடியவில்லை, கூட்டாதனத் திட்டம் பதிவாகவில்லை. இன்றைக்கு வாங்குகிறவர் கையில் கிடைக்கப்போவது விற்பனை உடன்படிக்கை, உறுதி அல்ல. இந்த நிலையில் “உறுதி உங்கள் பேரில்” என்று பெரிய எழுத்தில் போட்டால் அது நடக்கவிருப்பதை நடந்ததாகச் சொல்வது. வாங்குபவர் கடன் கேட்டு வங்கிக்குப் போகிற அன்றைக்கு அது வெளிச்சத்துக்கு வந்துவிடும். கடன் அதிகாரி முதலில் கேட்பதே ஈடு வைக்கப்போகிற அலகின் உறுதியைத்தான். அங்கே வாயடைத்து நின்றவர் திரும்பி வரமாட்டார். அவர் சொல்லக் கேட்டவர்களும் வரமாட்டார்கள்.

எனவே தலைப்பு கட்டடத்தின் நிலையோடு மாற வேண்டும். இப்போதைக்கு உறுதியைத் தலைப்பிலிருந்து இறக்கி, மூன்றாம் வரியில் நிபந்தனையோடு எழுதலாம். பதிவு முடிந்த நாளில் தலைப்புக்கு ஏற்றலாம். புரோசரை 2,000 பிரதி ஒரேயடியாக அச்சிட்டால் பிரதி ஒன்றுக்கான செலவு குறைவதென்னவோ உண்மை. ஆனால் இங்கே முதல் அச்சு 300க்கு மேல் போகக் கூடாது. மிஞ்சிய பழைய தாள் பல மாதம் கழித்தும் ஒரு கடை மேசையில் கிடக்கும்.

இனிக் காசு வரி. “மாதம் 50,000 ரூபா முதல்” எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால்: விலை 80 இலட்சம், முற்பணம் 25 வீதம், அதாவது 20 இலட்சம். கடன் 60 இலட்சம், 20 வருடம். வட்டி 8 வீதம் என்று வைத்தால் மாதத் தவணை 50,186 ரூபா வருகிறது. அதில் 186 ரூபாயைக் கழித்துவிட்டு “முதல்” என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். இந்த மாதிரியில் 8 வீதம் முதல் வருடத்துக்கு மட்டும் கொடுக்கிற சலுகை வட்டி. இரண்டாம் வருடம் 12 வீதத்துக்கு ஏறினால், மிஞ்சிய கடனுக்கும் மிஞ்சிய 19 வருடத்துக்கும் தவணை ஏறத்தாழ 65,500 ஆகிறது. பதின்மூன்றாம் மாதம் சம்பளத்தில் 15,000க்கு மேல் கூடுதலாக வெட்டுப்படும். வாடகையை மட்டும் நினைத்துக் கணக்குப் போட்ட குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசமில்லை. பிள்ளையின் ரியூசன் காசு அதற்குள் அடங்கும்.

சலுகையை மறந்துவிட்டு, 12 வீதத்தில் முதல் நாளிலிருந்தே கணக்குப் போட்டால் தவணை 66,065. புரோசரில் போடவேண்டியது இதுதான். அதையும் மேல்நோக்கி முழுமையாக்கி 66,100 என்று எழுதுவது நல்லது. வங்கியில் சொல்லும் தொகை புரோசரில் இருப்பதைவிட 35 ரூபா குறைந்தால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், கூடினால் முழுத் தாளையும் சந்தேகிப்பார்கள். தொகையோடு வட்டி வீதமும் வருடமும் ஒரே வசனத்தில் நிற்க வேண்டும். அடிக்குறிப்பில் நட்சத்திரம் போட்டு ஒளித்தால் போன் படத்தில் அது வாசிக்கவே வராது. வட்டி 14 வீதமானால் இதே கடனுக்கு 74,600ஐத் தாண்டும். அதை உள்பக்கத்து அட்டவணையில் காட்டினால் போதும்.

இன்னொரு தொகை முன்பக்கத்துக்கு வரவேண்டும்: உறுதிச் செலவு. உறுதி முடிக்கும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 80 இலட்சத்துக்கு அது 3,000மும் 316,000மும் சேர்ந்து 319,000 ரூபா. நொத்தாரிசு கூலி வேறு. 20 இலட்சம் முற்பணம் என்று மட்டும் எழுதினால், அதைக் கட்டிவிட்டு ஆறுதலாக இருக்கும் குடும்பம் உறுதி எழுதும் வாரத்தில் மூன்றரை இலட்சம் தேடி நகையை அடகு வைக்க ஓடும். “கையில் 20 இலட்சமும், உறுதிச் செலவுக்கு மூன்றரை இலட்சமும்” என்று எழுதினால் தொகை பெரிதாகத் தெரியும்தான். ஆனால் கனடா அண்ணன் ஒரே தடவையில் சரியான தொகையை அனுப்புவார். மூன்றரைக்குள் நொத்தாரிசு கூலி அடங்குமா என்று, உறுதி எழுதப்போகிறவரிடமே எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் இந்தத் தொகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். வங்கியிடமும் அப்படியே ஒன்றை எழுத்தில் கேட்க வேண்டும்: கூட்டாதனத் திட்டம் பதிவாகுமுன் இந்தக் கட்டடத்துக்குக் கடன் தருவீர்களா, எந்த நிபந்தனையில்? பதில் “தரமாட்டோம்” என்றால் தவணை வரியில் “பதிவான பின்” என்ற இரண்டு சொல் சேர வேண்டும்.

நான்காம் வரிக்கு வழக்கமாக “நவீன வசதிகள்” என்று ஏதாவது எழுதுவார்கள். இந்த மாதிரியில் அந்த இடத்தை இல்லாத ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறோம்: லிப்ட் இல்லை. இங்கே புதிதாக வீடு வாங்குகிற குடும்பத்தில் பெரும்பாலும் அம்மாவோ மாமியோ கூட இருப்பார். முழங்கால் வருத்தத்தோடு மூன்றாம் மாடி ஏற முடியாது. பார்க்க வந்த இடத்தில் இது தெரியவந்தால் அந்த வருகை வீண். முதலிலேயே சொன்னால் கீழ்மாடி ஆறு வீட்டுக்கும் உரிய ஆட்கள் வருவார்கள், மற்றவர்கள் மேல்மாடிக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வருவார்கள்.

இவ்வளவும் கடந்து வந்த முன்பக்கம் இது:

“வவுனியா நகரில்
இரண்டு அறை வீடு
80 இலட்சம்

குருமண்காடு சந்தியிலிருந்து 600 மீற்றர். 650 சதுர அடி: இரண்டு அறை, ஹோல், குசினி, குளியலறை.

கையில் 20 இலட்சமும், உறுதிச் செலவுக்கு மூன்றரை இலட்சமும் வேண்டும். மிகுதி 60 இலட்சத்துக்கு வங்கிக் கடன் எடுத்தால், 12 வீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் 66,100 ரூபா.

உறுதிக் காணியில் கட்டுகிறோம். அந்தக் காணியில் உங்களுக்கும் பங்கு உண்டு. கட்டி முடிந்து கூட்டாதனத் திட்டம் பதிவானதும் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி. அதுவரை விற்பனை உடன்படிக்கை.

லிப்ட் இல்லை. அம்மா அப்பா கூட இருந்தால் கீழ்மாடியைக் கேளுங்கள்.”

“ஐந்து நிமிடம்” என்று எழுதாமல் மீற்றரில் எழுதியதற்குக் காரணம், ஐந்து நிமிடம் மோட்டார் சைக்கிளிலா நடந்தா என்பது எப்போதும் தகராறு. “இல்லம்” போய் “வீடு” வந்தது. முதியோர் இல்லம், சிறுவர் இல்லம் என்று இங்கே அந்தச் சொல் வேறு பலகைகளில் நிறையத் தொங்குகிறது.

இந்த வாசகம் அச்சகத்தில் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான். பாமினியில் காற்புள்ளி விசையை அழுத்தினால் “இ” வரும். உண்மையான காற்புள்ளி வேறு விசையில் இருக்கிறது. யுனிகோட்டில் சரியாக இருந்த 66,100, எழுத்துரு மாறும்போது “66இ100” என்று அச்சாகிவிடும். எழுத்தை மட்டும் சரிபார்க்கிறவர் கண்ணில் இது படாது, வாங்க வந்தவர் கண்ணில் படும். எண்களை வேறு எழுத்துருவில் தனியே போடச் சொல்லி, அச்சுப்படியில் எண்களை மட்டும் ஒரு தடவை, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

தலைப்பை மூன்று வரியாக உடைத்ததும் தாளின் அளவால்தான். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஒரு பக்கம் 99 மில்லிமீற்றர் அகலம். ஓரம் விட்டால் 80 மிஞ்சும். தமிழ் எழுத்து அகலமானது, தலைப்பு அளவில் ஒரு வரிக்கு ஒரு டசின் எழுத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும். வடிவமைப்பாளரிடம் விட்டால் “இரண்டு அறை” ஒரு வரியிலும் “வீடு 80” அடுத்த வரியிலும் போய் நிற்கும். வரி எங்கே உடைய வேண்டும் என்பதை எழுதுகிறவரே குறித்துக் கொடுக்க வேண்டும்.

அச்சுக்கு முன் செய்யவேண்டிய பரிசோதனை ஒன்று போதும். முன்பக்கத்தைப் போனில் படமெடுத்து, கட்டடத்தோடு சம்பந்தமில்லாத, வாடகையில் இருக்கிற ஐந்து பேரிடம் காட்டி, பத்து விநாடியில் போனைத் திருப்பி வாங்குங்கள். பிறகு நாலு கேள்வி: இது விலைக்கோ, உதவித் திட்டமோ? எங்கே? கையில் எவ்வளவு வேண்டும்? உறுதி எப்போது? “நல்லா இருக்கோ?” என்று மட்டும் கேட்கவேண்டாம், எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். முதல் கேள்விக்கு ஒருவராவது “உதவி” என்றால் தலைப்பில் எங்கோ பழைய சொல்லின் வாடை இருக்கிறது. நாலாவது கேள்விக்கு “இப்பவே” என்று ஒருவர் சொன்னாலும் மூன்றாம் வரியைத் திருத்த வேண்டும். பெரும்பாலும் “தனி உறுதி” மட்டும் மனதில் நின்று, அதற்கு முன் வந்த நிபந்தனை நழுவிப்போயிருக்கும். அப்படியானால் வசனத்தைத் திருப்பிப் போடலாம்: “இப்போது விற்பனை உடன்படிக்கை, கட்டி முடிந்து கூட்டாதனத் திட்டம் பதிவானதும் தனி உறுதி.”

கூட்டாதனத் திட்டம் பதிவாகி, பதிவகத்துப் பிரதி கைக்கு வந்த பிறகு இரண்டாம் அச்சு. அதில் முன்பக்கத்தில் மாறுவது இரண்டு இடம். மூன்றாம் வரியின் உடன்படிக்கை வசனம் போய், பதிவின் திகதியும் இலக்கமும் அந்த இடத்துக்கு வரும். தலைப்பின் அடியில் நான்காவது வரியாக, இத்தனை காலம் எடுத்து வைத்திருந்த மூன்று சொல் ஏறும்: “உறுதி உங்கள் பேரில்.”